டாக்டரின் பதில் கடிதமும் கணக்காளரின் வவுச்சரும்

மருத்துவ கவுன்சிலில் இருந்து ஒரு டாக்டருக்குப் பதிவுத் தபால் வருகிறது. உள்ளே ஒரு நோயாளியின் குடும்பம் எழுதிய புகாரின் நகல், கூடவே "இந்தத் தேதிக்குள் உங்கள் விளக்கத்தை அனுப்பவும்" என்று ஒரு சின்னக் கடிதம். அன்றைக்கு இரவு அந்த டாக்டருக்குத் தூக்கம் வராது. இருபது வருடம் பார்த்த தொழில் ஒரு கவருக்குள் அடங்கிப்போன மாதிரி இருக்கும்.

அதற்குப் பிறகு பெரும்பாலும் இரண்டில் ஒன்று நடக்கும். ஒன்று, கோபத்தில் டாக்டரே உட்கார்ந்து நாலு பக்கத்துக்குப் பொரிந்து தள்ளுவார். "ராத்திரி பகல் பாராமல் உழைக்கிறேன், பணம் பறிக்கத்தான் இந்தப் புகார்" என்று போகும் அது. இல்லையென்றால் வக்கீலிடம் கொடுப்பார். அவர் "புகாரில் கூறப்பட்டுள்ள அனைத்தும் பொய், கற்பனை, அவை முழுவதுமாக மறுக்கப்படுகின்றன" என்று சிவில் வழக்குக்கு எழுதுவது போலவே எழுதிக் கொடுப்பார்.

இந்த இரண்டுமே தப்பு. தப்பு செய்யாத டாக்டர்கூட இப்படி எழுதினால் தன் கேஸைத் தானே கெடுத்துக் கொள்கிறார். கவுன்சிலுக்குப் போகும் பதிலுக்கு உள்ள ஒரே பலம், சிகிச்சை நடந்த அன்றைக்கு எழுதப்பட்ட காகிதம்தான். அந்தக் காகிதம் பேசும் இடத்தில் அதை அப்படியே பேச விட வேண்டும். அது மௌனமாக இருக்கும் இடத்தில் "இங்கே பதிவு இல்லை" என்று டாக்டரே முதலில் சொல்லிவிட வேண்டும். இரண்டாவதுதான் கஷ்டம். ஆனால் முதலாவதை நம்ப வைப்பதே அந்த இரண்டாவதுதான்.

கவுன்சில் என்ன கேட்கிறது?

இதைப் புரிந்துகொள்ளாமல் எழுதப்படும் பதில்கள்தான் அதிகம். மாநில மருத்துவ கவுன்சில் என்பது நஷ்டஈடு வாங்கித் தரும் இடம் இல்லை. அதற்கு நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. கவுன்சில் கையில் இருப்பது டாக்டர்களின் பெயர்ப் பதிவேடு. எச்சரிக்கலாம், சில காலத்துக்கோ நிரந்தரமாகவோ அந்தப் பதிவேட்டில் இருந்து பெயரை நீக்கலாம். ஆகவே அது கேட்கும் கேள்வி, "இந்த டாக்டர் நடந்துகொண்ட விதம் தொழிலுக்கு உரிய விதமா?" என்பதுதான். புகார் கொடுத்தவர் பணத்துக்காகச் செய்கிறாரா, அவர் பின்னால் யார் இருக்கிறார்கள் என்பதெல்லாம் அந்தக் கேள்விக்குப் பதிலே இல்லை.

அளவுகோல் 2002ஆம் வருட இந்திய மருத்துவ கவுன்சில் நடத்தை விதிகள். 2023 ஆகஸ்ட் 2ஆம் தேதி தேசிய மருத்துவ ஆணையம் புதிய விதிகளை அறிவித்தது. அதே மாதம் 23ஆம் தேதி அவற்றை நிறுத்தி வைத்துவிட்டு, 2002 விதிகளையே திரும்பவும் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. இந்த விதிகளில் இந்த விஷயத்துக்கு முக்கியமானவை இரண்டு. உள்நோயாளிகளின் சிகிச்சைப் பதிவுகளை, சிகிச்சை தொடங்கிய நாளில் இருந்து 3 வருடம் வைத்திருக்க வேண்டும். நோயாளியோ அவர் அனுமதித்தவரோ பதிவைக் கேட்டால், கேட்டதற்கு ஒப்புகை கொடுத்து, 72 மணி நேரத்துக்குள் நகலைத் தர வேண்டும். இதை மீறுவதே தனியாக ஒரு தவறு. சிகிச்சை சரியாக இருந்ததா என்பது வேறு கேள்வி.

ஒரு உதாரணம்

கீழே வருவது கற்பனை. ஆனால் எந்தச் சின்ன ஊர் கிளினிக்கிலும் எந்த நாளும் நடக்கக்கூடியது.

ஒரு வியாழக்கிழமை இரவு 7.40 மணி. 22 வயதுப் பையனை அவன் அப்பா கூட்டி வருகிறார். மத்தியானத்தில் இருந்து வயிற்று வலி, ஒரு தடவை வாந்தி. டாக்டர் பார்த்துவிட்டு ஊசி போட்டு, இரண்டு மாத்திரை எழுதி அனுப்புகிறார். வெள்ளிக்கிழமை முழுக்க வலி விட்டு விட்டு இருக்கிறது. சனிக்கிழமை காலை காய்ச்சலோடு வேறு ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகிறார்கள். அங்கே ஸ்கேனில் குடல்வால் வெடித்திருப்பது தெரிகிறது. உடனே ஆபரேஷன். பையன் பிழைத்துவிட்டான். ஆனால் 9 நாள் ஆஸ்பத்திரி வாசம், வயிற்றில் நீளமான தழும்பு, போன செமஸ்டர், அப்பாவுக்குக் கடன்.

அப்பா அந்த கிளினிக்குக்கு எழுதிக் கொடுத்து, பையனைப் பார்த்த பதிவின் நகலைக் கேட்கிறார். பையனும் அதில் கையெழுத்துப் போட்டிருக்கிறான். நகல் 16 நாள் கழித்துத்தான் கைக்கு வருகிறது. பிறகு கவுன்சிலுக்குப் புகார் போகிறது. அதில் ஐந்து குற்றச்சாட்டுகள்:

1. வயிற்றைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.
2. குடல்வால் நோயை வாயு என்று சொல்லி அனுப்பிவிட்டார்.
3. ஸ்கேன் எடுக்கச் சொல்லவில்லை.
4. வலி அதிகமானால் உடனே வரவேண்டும் என்று எச்சரிக்கவில்லை.
5. பதிவின் நகலைத் தர இழுத்தடித்தார்.

கடைசி வரியில் இன்னொன்றும் உண்டு. "காலேஜ் பசங்க கண்டதைத் தின்னா வலிக்கத்தான் செய்யும் என்று எங்களைக் கேலி செய்தார்."

முதலில் காகிதங்கள், பிறகு பேனா

பதில் எழுத உட்காரும் முன் செய்ய வேண்டியது, இருக்கிற காகிதங்களை எல்லாம் ஒரு இடத்தில் சேர்த்து, அவற்றைப் பூட்டி வைப்பது. கேஸ் ஷீட்டின் அசல் கிளினிக்கிலேயே இருக்க வேண்டும். கவுன்சில் அசலைக் கேட்காதவரை, பக்க எண் போட்டுக் கையெழுத்திட்ட நகல்தான் போக வேண்டும். டாக்டர் தொழில் காப்பீடு எடுத்திருந்தால் அந்த நிறுவனத்துக்கு உடனே தகவல் தர வேண்டும். வக்கீல் ஒருவர் பதிலைப் படித்துப் பார்ப்பதும் நல்லதுதான். நடந்ததைச் சொல்வது மட்டும் டாக்டராகவே இருக்க வேண்டும். அந்த அறையில் இருந்தவர் அவர்தான், வக்கீல் இல்லை.

நம்மூர் கிளினிக்குகளில் ஒரு பிரச்சினை உண்டு. புறநோயாளிக்கு எழுதும் சீட்டு நோயாளியோடு போய்விடும், டாக்டரிடம் ஒன்றுமே மிஞ்சாது. அப்படி என்றால் அதையும் மறைக்காமல் சொல்லி, புகார்தாரர் இணைத்துள்ள சீட்டின் நகலைக் கவுன்சிலிடம் கேட்டு வாங்க வேண்டும். இந்த உதாரணத்தில் டாக்டரிடம் ஒரு கேஸ் ஷீட் இருக்கிறது. மருந்துச் சீட்டு அப்பாவிடம் இருக்கிறது.

கேஸ் ஷீட்டில் இருப்பது இவ்வளவுதான்: நேரம் 7.40. தொப்புளைச் சுற்றி வலி, 5 மணி நேரமாக. வாந்தி ஒரு முறை. வெளிச் சாப்பாடு. உடல் வெப்பம் 99, நாடித்துடிப்பு 88. வயிறு மிருதுவாக உள்ளது, தொப்புளைச் சுற்றி லேசான வலி, வலது அடிவயிற்றில் அழுத்தினால் வலி இல்லை. இரைப்பை அழற்சி என்று எழுதி, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி. ரத்த அழுத்தம் என்ற கட்டம் காலி. மருந்துச் சீட்டில் மாத்திரைகளுக்குக் கீழே "2 நாள் கழித்து வரவும்".

இனி ஒவ்வொரு குற்றச்சாட்டாகப் பார்க்கலாம். புகாரில் உள்ள அதே வரிசையில், அதே எண்களோடு பதில் சொல்ல வேண்டும். டாக்டர் தனக்கு வசதியான வரிசையில் சொன்னால், படிப்பவர் எதையோ தாண்டிப் போகிறார் என்றுதான் நினைப்பார்.

பதிவு பேசும் இடம்

முதல் குற்றச்சாட்டுக்குப் பதிவு நேராகப் பதில் சொல்கிறது. வலது அடிவயிற்றில் அழுத்தினால் வலி இல்லை என்று தொடாமல் எழுத முடியாது. ஆனால் இங்கேதான் "புகார்தாரர் பச்சைப் பொய் சொல்கிறார்" என்று எழுதக் கை துடிக்கும். அது தேவையே இல்லை. பரிசோதனை ஒரு நிமிடத்தில் முடிந்திருக்கலாம், அப்பா அப்போது மருந்துக் கடைக்குப் போன் பேசிக்கொண்டு இருந்திருக்கலாம். மனிதர்களின் ஞாபகம் அப்படித்தான். இப்படி எழுதினால் போதும்:

"நான் வயிற்றைப் பரிசோதிக்கவில்லை என்பது புகார்தாரரின் நினைவு. அன்று இரவு 7.40க்கு நான் எழுதிய குறிப்பு, இணைப்பு 1, பக்கம் 1, வரி 6 முதல் 8 வரை உள்ளது. என் கையெழுத்து வாசிக்கக் கடினம் என்பதால் அதைத் தட்டச்சு செய்தும் இணைத்துள்ளேன்."

அந்தத் தட்டச்சு நகல் சின்ன விஷயம் போலத் தெரியும். ஆனால் வாசிக்க முடியாத பதிவும் இல்லாத பதிவும் ஏறக்குறைய ஒன்றுதான். ஒரு எழுத்தும் கூட்டாமல் குறைக்காமல், சுருக்கெழுத்தை விரித்து, காலியாக உள்ள கட்டத்தைக் "காலி" என்றே காட்டி அந்த நகல் இருக்க வேண்டும். ரத்த அழுத்தம் எழுதவில்லை என்பதைப் புகார்தாரர் கவனிக்காமல் விட்டிருந்தாலும், கவுன்சிலில் உட்கார்ந்திருப்பவர்களும் டாக்டர்கள். அவர்கள் கண்ணில் படாமல் போகாது.

இரண்டாவது குற்றச்சாட்டு கொஞ்சம் நுணுக்கமானது. சனிக்கிழமை தெரிந்ததை வியாழக்கிழமைக்குக் கொண்டுபோய் வைத்துப் பார்க்கும் போது டாக்டர் ஒரு முட்டாளாகத் தெரிவார். குடல்வால் வலி பல பேருக்குத் தொப்புளைச் சுற்றித்தான் தொடங்கும். பல மணி நேரம் கழித்துத்தான் வலது அடிவயிற்றுக்கு இறங்கும். முதல் சில மணி நேரத்தில் சாதாரண இரைப்பைக் கோளாறு மாதிரியே இருக்கும். பதிலில் இதை நாலு வரியில் எளிமையாகச் சொல்லலாம். அதோடு அந்தக் கேள்விக்குறியைச் சுட்டிக் காட்டலாம். அது உறுதியான முடிவு இல்லை, அப்போதைக்கு எழுதிய ஊகம் என்பதற்கு அன்றைய தேதியிலேயே உள்ள சாட்சி அது.

சட்டமும் இப்படித்தான் பார்க்கிறது. 2005இல் ஜேக்கப் மாத்யூ வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதன் சாரம், சம்பவம் நடந்த நேரத்தில் இருந்த அறிவையும் நடைமுறையையும் வைத்துத்தான் டாக்டரை அளக்க வேண்டும் என்பது. ஆனால் "குடல்வால் இல்லவே இல்லை, பிறகுதான் வந்தது" என்று டாக்டர் எழுதக் கூடாது. அது அவருக்குத் தெரியாது. "அன்று எனக்குக் கிடைத்த அறிகுறிகள் இவை, அவற்றில் இருந்து நான் எடுத்த முடிவு இது, பிறகு அது குடல்வால் நோய் என்று தெரிய வந்ததை அந்த ஆஸ்பத்திரியின் டிஸ்சார்ஜ் சம்மரியில் இருந்து அறிகிறேன்" என்பதோடு நிறுத்த வேண்டும்.

பதிவு பேசாத இடம்

மூன்றாவது, ஸ்கேன். எடுக்கச் சொல்லவில்லை என்பது உண்மை. ஆகவே பதிலின் முதல் வாக்கியம் "ஸ்கேன் எடுக்கப் பரிந்துரைக்கவில்லை என்பது சரி" என்றே இருக்க வேண்டும். ஏன் என்ற காரணம் அதற்குப் பிறகு. காய்ச்சல் இல்லை, வலது பக்கம் வலி இல்லை, வயிறு இறுகவில்லை, அதனால் அப்போது அவசியம் என்று தோன்றவில்லை. ஆனால் இந்தக் காரணம் கேஸ் ஷீட்டில் எழுதப்பட்டதா? இல்லை. ஆக, அறிகுறிகள் அன்றைய பதிவு, அவற்றில் இருந்து ஸ்கேன் வேண்டாம் என்று முடிவெடுத்த காரணம் இன்றைய விளக்கம். இந்தக் கோட்டைப் பதிலிலேயே போட்டுக் காட்ட வேண்டும்.

நான்காவதுதான் இந்தக் கேஸின் உயிர். "வலி வலது பக்கம் இறங்கினாலோ காய்ச்சல் வந்தாலோ ராத்திரி என்றாலும் உடனே வாங்க" என்று சொன்னதாக டாக்டருக்கு நினைவு இருக்கிறது. அவர் எல்லா வயிற்று வலிக்காரர்களிடமும் அப்படிச் சொல்பவர்தான். ஆனால் கேஸ் ஷீட்டில் அது இல்லை. மருந்துச் சீட்டில் இருப்பது "2 நாள் கழித்து வரவும்" மட்டும். அந்த ஒரு வரியை நம்பித்தான் வெள்ளிக்கிழமை முழுக்க அந்தக் குடும்பம் காத்திருந்ததாகப் புகார் சொல்கிறது.

இங்கே மூன்று விதமான கூற்றுகள் இருக்கின்றன. பதிவில் இருப்பது, நினைவில் இருப்பது, வழக்கமாகச் செய்வது. மூன்றையும் ஒரே குரலில் எழுதினால் மூன்றும் ஒரே அளவு சந்தேகத்துக்கு உள்ளாகும். பிரித்து எழுதினால் ஒவ்வொன்றும் அதற்குரிய எடையோடு நிற்கும்:

"வலி இடம் மாறினால் உடனே வரும்படி சொன்னதாக எனக்கு நினைவு. வயிற்று வலியோடு வருபவர்களிடம் அப்படிச் சொல்வது என் வழக்கம். ஆனால் அது கேஸ் ஷீட்டிலோ மருந்துச் சீட்டிலோ எழுதப்படவில்லை. மருந்துச் சீட்டில் உள்ள '2 நாள் கழித்து வரவும்' என்பதை மட்டும் படிப்பவர், அதுவரை காத்திருக்கலாம் என்று புரிந்துகொள்ள இடம் இருக்கிறது. எச்சரிக்கையை நான் எழுதிக் கொடுத்திருக்க வேண்டும்."

இப்படி எழுதுவது தூக்குக் கயிற்றைத் தானே மாட்டிக்கொள்வது என்று பல டாக்டர்கள் நினைப்பார்கள். யோசித்துப் பார்த்தால் அப்படி இல்லை. எழுதாமல் விட்டது கவுன்சிலுக்கு எப்படியும் தெரியும், காகிதம் அவர்கள் முன்னால் இருக்கிறது. டாக்டர் அதை ஒப்புக்கொள்வதால் புதிதாக எதுவும் வெளியே வரவில்லை. மறுத்திருந்தால் மட்டும் அவருடைய நல்ல பதிவான அந்த ஆறு முதல் எட்டு வரிகளும் சந்தேகத்துக்கு உள்ளாகி இருக்கும்.

அந்த ஒரு வரியைச் சேர்த்துவிட்டால்?

இந்த இடத்தில் ஒரு பேய் வந்து காதில் பேசும். கேஸ் ஷீட் மேஜை மேலேதான் இருக்கிறது. கீழே கொஞ்சம் இடமும் இருக்கிறது. "வலி மாறினால் உடனே வரச் சொல்லப்பட்டது" என்று ஒரு வரி. சொன்னதைத்தானே எழுதப் போகிறோம், இதில் என்ன பொய்?

பொய் வார்த்தைகளில் இல்லை, தேதியில் இருக்கிறது. அந்த வரி வியாழக்கிழமை எழுதியதாக நடிக்கிறது.

கணக்கு எழுதுகிறவர்களுக்கு இது பழைய பாடம். பேரேட்டில் தப்பு நேர்ந்தால் அதை அழித்துவிட்டு மேலே எழுதக் கூடாது. தப்பு அப்படியே இருக்க, திருத்தப் பதிவு ஒன்றைத் திருத்தும் நாளின் தேதியில் போட வேண்டும். 2023 ஏப்ரல் 1 முதல் இந்தியாவில் கம்பெனிகள் கணக்குக்குப் பயன்படுத்தும் மென்பொருளில், ஒவ்வொரு மாற்றமும் எந்தத் தேதியில் நடந்தது என்று பதிவாகும் வசதி இருந்தே ஆக வேண்டும், அதை அணைக்கவும் முடியக் கூடாது என்று விதியே வந்துவிட்டது. காரணம் எளிது. எப்போது எழுதியது என்று தெரியாத கணக்குக்கு மதிப்பே கிடையாது.

கேஸ் ஷீட்டுக்கும் அதே நியாயம்தான். பிறகு ஏதாவது சேர்க்கத்தான் வேண்டும் என்றால் தனித் தாளில், இன்றைய தேதி நேரம் போட்டு, "புகார் வந்த பிறகு நினைவில் இருந்து எழுதியது" என்று தலைப்பிட்டுக் கையெழுத்துப் போட வேண்டும். அசல் தாளில் பேனா படவே கூடாது.

சேர்த்தால் மாட்டிக்கொள்வோமா என்றால், இந்த உதாரணத்தில் ஐந்து நிமிடத்தில் மாட்டிக்கொள்வார். 16 நாள் தாமதமாகத் தந்தாரே ஒரு நகல், அது அப்பாவின் கோப்பில் இருக்கிறது. அதில் இல்லாத வரி கவுன்சிலுக்குப் போன நகலில் இருந்தால் வேறு நிபுணரே வேண்டாம். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் போதும். அதோடு, மையின் நிறம், நெருக்கி எழுதிய எழுத்து, ஓரத்தில் ஏறிய வரி என்று எத்தனையோ காட்டிக்கொடுக்கும். கணினிப் பதிவு என்றால் பல மென்பொருள்கள் மாற்றிய நேரத்தைத் தாங்களே குறித்து வைத்திருக்கும். அதுவரை ஒரு எச்சரிக்கையை எழுதாமல் விட்ட டாக்டராக இருந்தவர், அந்த நிமிடத்தில் இருந்து ஆவணத்தைத் திருத்தியவராகிவிடுவார். முதலாவது கவனக்குறைவு. இரண்டாவது நேர்மையின்மை. இரண்டையும் எந்தக் கவுன்சிலும் ஒரே தராசில் வைக்காது.

"எப்படி இருந்தாலும் பதிவை எழுதியது டாக்டர்தானே, அவர் எழுதினதையே அவருக்குச் சாட்சியாக ஏன் எடுக்க வேண்டும்?" என்று புகார்தாரர் பக்கம் நின்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்வி. தணிக்கையிலும் கம்பெனியே தயாரித்த வவுச்சரைவிட வெளியே இருந்து வரும் ஆதாரத்துக்குத்தான் மதிப்பு அதிகம். டாக்டரின் பதிவுக்கு மதிப்பு வருவது இரண்டு காரணங்களால். ஒன்று, சண்டை வரும் என்று தெரியாத நேரத்தில் எழுதப்பட்டது. இரண்டு, அதன் நகல் டாக்டரின் கைக்கு எட்டாத இடத்தில் இருக்கிறது. கேட்டவுடன் நகல் கொடுப்பது நோயாளிக்கு உரிமை மட்டும் இல்லை, டாக்டருக்கே பாதுகாப்பு என்று சொல்வது இதனால்தான்.

அதனால் ஐந்தாவது குற்றச்சாட்டுக்குச் சுற்றி வளைக்காமல் ஒரே பதில்தான்: "எழுத்து மூலம் கேட்டு 16 நாள் கழித்துத்தான் நகல் தரப்பட்டது. 72 மணி நேரத்துக்குள் தந்திருக்க வேண்டும். தாமதத்துக்கு நானே பொறுப்பு." கம்பவுண்டர் லீவு, ஜெராக்ஸ் மெஷின் ரிப்பேர் என்றெல்லாம் எழுதினால், உண்மையாகவே இருந்தாலும், படிப்பவருக்குச் சிரிப்புத்தான் வரும். இப்போது என்ன மாற்றி இருக்கிறார் என்பதைச் சொல்லலாம், அதுவும் உண்மையில் மாற்றியிருந்தால் மட்டும்.

மரியாதை என்பது அலங்காரம் இல்லை

மரியாதையான பதில் என்றால் "மாண்புமிகு", "பணிவான வணக்கம்" என்று தொடங்குவது மட்டும் இல்லை. எதை எழுதாமல் விடுகிறார் என்பதில்தான் மரியாதை தெரியும்.

அதே பையன் இரண்டு வருடம் முன்னால் குடித்துவிட்டு விழுந்து அடிபட்டு இதே கிளினிக்குக்கு வந்ததாக வைத்துக்கொள்வோம். அந்தப் பதிவும் டாக்டரிடம் இருக்கிறது. அதைப் பதிலில் செருகி, "பையனின் பழக்கவழக்கம் இப்படி" என்று காட்டும் ஆசை வரும். கூடாது. இந்த வயிற்று வலிக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை, சிகிச்சையின் போது தெரிந்த ரகசியத்தைக் காப்பது டாக்டரின் கடமை. புகாருக்குப் பதில் சொல்லத் தேவையான அளவுக்கு மட்டுமே நோயாளியின் விவரம் வெளியே வரலாம். பழைய விஷயத்தை இழுக்கும் டாக்டர் ஆறாவது குற்றச்சாட்டைத் தானே எழுதித் தருகிறார்.

அதே மாதிரி "வெள்ளிக்கிழமையே வந்திருந்தால் இப்படி ஆகியிருக்காது" என்று குடும்பத்தின் மேலேயோ, "அந்த ஆஸ்பத்திரியில் தாமதம் செய்தார்கள்" என்று அடுத்த டாக்டரின் மேலேயோ போடுவதும் வேண்டாம். அங்கே நடந்தது இவருக்கு நேரில் தெரியாது. முதலாவது, "2 நாள் கழித்து வரவும்" என்று எழுதிக் கொடுத்தவர் சொல்லக்கூடிய பேச்சும் இல்லை.

கேலி செய்தார் என்ற அந்தக் கடைசி வரிக்கு என்ன சொல்வது? வெளிச் சாப்பாடு பற்றிப் பேசியது பதிவில் இருக்கிறது. எந்தத் தொனியில் பேசினார் என்பது எந்தப் பதிவிலும் இருக்காது. "வெளிச் சாப்பாடு பற்றிக் கேட்டேன். கேலியாகப் பேசும் எண்ணம் இல்லை. ஆனால் வலியோடு வந்தவர்களுக்கு அது அப்படிக் கேட்டிருந்தால் வருந்துகிறேன்." மூன்று வாக்கியம். வருத்தம் தெரிவிப்பது சிகிச்சையில் தவறை ஒப்புக்கொள்வது ஆகாது, வார்த்தைகளைச் சரியாகப் பிரித்து எழுதினால். அந்தப் பையன் பட்ட கஷ்டத்துக்கும் முதல் பத்தியிலேயே ஒரு வரி இருக்கட்டும். பலர் புகார் எழுதுவதே யாரும் அந்த ஒரு வரியைச் சொல்லவில்லை என்பதால்தான்.

காகிதம் இரு பக்கமும் வெட்டும்

பதிவு என்றைக்கும் டாக்டரைக் காப்பாற்றும் என்று நினைக்க வேண்டாம். 2008 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்ன சமீரா கோலி வழக்கு இதற்கு நல்ல உதாரணம். அது கவுன்சிலில் அல்ல, நுகர்வோர் சட்டத்தின் கீழ் வந்த வழக்கு. நோயைக் கண்டறிவதற்கான லேப்ராஸ்கோப்பிக்கு மயக்கத்தில் இருந்த பெண்ணுக்கு, வெளியே இருந்த அவர் அம்மாவிடம் சம்மதம் வாங்கிக் கர்ப்பப்பையையும் சினைப்பைகளையும் எடுத்துவிட்டார்கள். டாக்டர் நல்ல எண்ணத்தில்தான் செய்தார் என்பது அங்கே போதவில்லை. நோயாளி கையெழுத்துப் போட்ட சம்மதப் படிவம் அவ்வளவு தூரம் போகவில்லை, வயது வந்த பெண்ணுக்காக அம்மா சம்மதம் தர முடியாது, அப்போது உயிருக்கு அவசரமும் இல்லை என்று நீதிமன்றம் பார்த்தது. கையில் இருக்கும் காகிதம் சொல்வதைவிட ஒரு அடி கூடுதலாகப் பதில் நடந்தால் கால் வழுக்கும் என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் இல்லை.

இந்த உதாரணத்து டாக்டருக்கு என்ன ஆகும்? முதல் மூன்றில் அவர் நிற்க வாய்ப்பு இருக்கிறது. நான்காவதும் ஐந்தாவதும் அவருக்கு எதிராகப் போகலாம், எச்சரிக்கையும் வரலாம். நேர்மையான பதில் வெற்றிக்கு உத்தரவாதம் இல்லை. ஆனால் விசாரணைக்கு நேரில் அழைத்துக் குறுக்குக் கேள்வி கேட்டாலும், நாளைக்கே அதே விஷயம் நுகர்வோர் ஆணையத்துக்குப் போனாலும், அவர் மாற்றிப் பேச வேண்டிய வரி ஒன்றுகூட அதில் இருக்காது. அந்தப் பக்கம், அப்பாவுக்கும் முதல் முறையாக வியாழக்கிழமை இரவு என்ன நடந்தது, என்ன நடக்காமல் போனது என்று ஒருவர் ஒழுங்காகச் சொல்லியிருப்பார். "அனைத்தும் மறுக்கப்படுகின்றன" என்ற கடிதத்தில் இந்த இரண்டுமே கிடைக்காது.

மூன்று பக்கப் பதிலை எழுத அந்த டாக்டருக்கு ஒரு வாரம் ஆகியிருக்கும். மருந்துச் சீட்டில் "வலி வலது பக்கம் இறங்கினால் உடனே வரவும்" என்று எழுத அன்றைக்கு அரை நிமிடம் போதும். கவுன்சிலுக்கு எழுதும் பதிலின் முதல் வரி கவர் வந்த பிறகு எழுதப்படுவது இல்லை. நோயாளி எதிரில் உட்கார்ந்திருக்கும்போதே அது எழுதப்பட்டுவிடுகிறது, அல்லது எழுதப்படாமல் போய்விடுகிறது.